சுயஉதவிச் சேமிப்புக் குழுவும் மாற்றுத்திறனாளிப் பெண்களும்: தடை எங்கே இருக்கிறது, குழு எப்படி மாறலாம்

சுயஉதவிச் சேமிப்புக் குழு என்பது மிக எளிய ஏற்பாடு. ஒருவரையொருவர் நன்கு அறிந்த பத்துப் பதினைந்து பெண்கள் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுகிறார்கள். தம்மால் இயன்ற தொகையை எல்லாருடைய கண்முன்னும் எண்ணிக் கொடுக்கிறார்கள். அது கணக்குப் புத்தகத்திலும் அவரவர் கையிலுள்ள சேமிப்பு அட்டையிலும் பதிவாகிறது. ஆண்டு முடிவில் அவரவர் போட்டதை அவரவர் திரும்பப் பெறுகிறார்கள். இடையில் ஒருவர் வீட்டில் மரணமோ மருத்துவச் செலவோ வந்தால், அதற்கென்று தனியே சேர்த்துவைத்த சிறு உதவி நிதியிலிருந்து கைகொடுக்கிறார்கள். இதில் வட்டி கிடையாது, ஏலம் கிடையாது, குலுக்கல் கிடையாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்தப் பழக்கம் புதியதல்ல. இந்த ஊரில் 1919ஆம் ஆண்டு பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், பாட்டாளிகள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்களை வாங்கிய அமைப்புதான். பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகள் காலியாகி, குடும்பங்கள் ஊர்ப்பக்கத்துத் தாமான்களுக்குக் குடிவந்த பிறகும், பெண்கள் கூடிச் சேமிக்கும் வழக்கம் தொடர்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெண்ணோ, காது கேளாத ஒரு பெண்ணோ, பார்வை மங்கிய ஒரு பெண்ணோ உட்கார்ந்திருப்பதை அரிதாகத்தான் காண்கிறோம். இத்தனைக்கும் அவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

ஏன் இல்லை என்று கேட்டால், “பாவம், அவங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்” என்ற பதில்தான் முதலில் வரும். இரக்கம் உண்மையானதாகவே இருக்கலாம். எனினும், அவர்களை வெளியே நிறுத்துவது பெரும்பாலும் உறுப்பினர்களின் மனமோ அந்தப் பெண்ணின் உடலோ அல்ல. குழு தன் முதல் கூட்டத்தில் யாரையும் மனத்தில் நினைக்காமல் எழுதிக்கொண்ட நாலைந்து விதிகள்தான் என்பதே என் கருத்து. அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டு வேறு, சேமிப்புக் குழு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் சேமிப்புக் குழு என்றதும் கூட்டு கட்டுவதை நினைக்கிறார்கள். கூட்டில் எல்லாரும் கட்டும் மொத்தத் தொகை, முறை வைத்தோ குலுக்கியோ ஏலம் விட்டோ, ஒவ்வொரு மாதமும் ஒருவர் கைக்குப் போகும். மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் இத்தகைய ஏற்பாட்டைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்கிறது. கூட்டு, சீட்டு என்ற பெயர்களே அந்தச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அதேபோல், உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பதை 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இங்கே ஒரு சிறு குழு பாதுகாப்பாக நடக்க வேண்டுமானால், அவரவர் பணம் அவரவருக்கே திரும்பும் தூய சேமிப்பாகவும், உதவி நிதி வட்டியில்லாததாகவும் இருப்பதே நல்லது. குழு பெருகி, கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தால், 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவுசெய்துகொள்ளும் வழி இருக்கிறது.

இந்த வேறுபாடு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கூட்டில் முதல் மாதமே மொத்தத் தொகையை எடுத்தவர் மீதி மாதங்கள் கட்டாமல் போனால், அந்த இழப்பு மற்றவர்கள் தலையில் விழும். எனவே அங்கே ஒவ்வொருவரையும் “இவள் கடைசிவரை கட்டுவாளா” என்று எடைபோடுகிறார்கள். உடல்நலம் நிலையில்லாத பெண்ணோ நிலையான வருமானம் இல்லாத பெண்ணோ அந்த எடையில் நிற்க முடியாமல் போகிறார்கள். 1987இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் போன்ற சிறுகடன் திட்டங்கள் பின்பற்றிய ஐவர் குழு முறையிலும் இதே சிக்கல் உண்டு. ஐந்து பெண்கள் ஒருவரையொருவர் தெரிந்தெடுத்து, ஒருவர் திருப்பிச் செலுத்துவதற்கு மற்றவர்களும் பொறுப்புணர்வோடு நிற்க வேண்டிய இடத்தில், ஐந்தாவது ஆளாக யாரை அழைப்பது என்ற கேள்வி எழும்போது, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் பெயர் யாருடைய வாயிலும் வருவதில்லை.

தூய சேமிப்புக் குழுவிலோ அப்படி எடைபோட வேண்டிய தேவையே இல்லை. அவள் ஒரு மாதம் கட்டாவிட்டால் அவளுடைய சேமிப்புத்தான் குறையும். பக்கத்தில் இருப்பவளின் பணத்தில் ஒரு காசும் குறையாது. ஆயினும் கூட்டிலும் கடன் குழுவிலும் பழகிய பயத்தை அப்படியே சேமிப்புக் குழுவுக்குள்ளும் கொண்டுவந்து, இழப்புக்கே இடமில்லாத ஓர் ஏற்பாட்டுக்கு இழப்பைத் தடுக்கும் விதிகளை எழுதிவைக்கிறோம். ஒரு குழு செய்ய வேண்டிய முதல் மாற்றம் இதுதான்: சேமிப்பில் சேர்வதற்கு எந்தத் தகுதிச் சோதனையும் வேண்டாம், உதவி நிதியிலிருந்து பணம் பெறுவதற்கு மட்டும் தனி விதி இருந்தால் போதும்.

ஒரு மாதிரிக் குழுவின் கணக்கு

நம் ஊர்களில் பரவலாகக் காணப்படும் விதிகளைக் கொண்டு ஒரு மாதிரிக் குழுவை எழுதிப் பார்ப்போம். 15 உறுப்பினர்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். ஒவ்வொருவரும் மாதம் 20 வெள்ளி கட்டாயம் செலுத்த வேண்டும். உதவி நிதிக்குத் தனியாக 2 வெள்ளி. நேரில் வராதவருக்கு 5 வெள்ளி தண்டம். ஆண்டில் மூன்று முறை கட்டத் தவறினால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். கேட்பதற்கு எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது.

இந்தக் குழுவில் பல ஆண்டுகள் இருந்த ஓர் அக்கா, நீரிழிவால் ஏற்பட்ட புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது அரிய நிகழ்வு அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மாற்றுத்திறனாளி என்றதும் பிறவியிலேயே குறையோடு பிறந்தவரைத்தான் நினைக்கிறோம். ஆனால் தோட்டப்புறத்தில், நேற்றுவரை நம்மோடு உட்கார்ந்து கணக்கு எழுதிய ஒருவர், கண்ணையோ காலையோ இழந்து அந்த நிலைக்கு வருவதே அதிகம். ஆகவே, புதியவரை எப்படிச் சேர்ப்பது என்பதோடு, இருப்பவரை எப்படி இழக்காமல் இருப்பது என்பதும் ஒவ்வொரு குழுவின் கேள்வி.

அந்த அக்காவின் வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் பேருந்து கிடையாது. முன்பு மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வந்தவர் இப்போது வாடகைக் காரில்தான் வர முடியும். போக 8 வெள்ளி, வர 8 வெள்ளி என்றால், 20 வெள்ளி சேமிப்பதற்கு 16 வெள்ளி செலவு. ஆண்டு முழுதும் வந்தால் 240 வெள்ளி சேமிக்க 192 வெள்ளி காருக்குப் போகிறது. வராமல் வீட்டில் இருந்தால் மாதம் 5 வெள்ளி தண்டம். மருத்துவமனையில் இருந்த மாதங்களில் 20 வெள்ளி கட்ட முடியாமல் போனால், மூன்றாவது தவறுதலில் பெயரும் போய்விடுகிறது. இந்த நிலையில் எந்தப் பெண்ணும் “எனக்கு முடியலம்மா, என்னை விட்டுடுங்க” என்றுதான் சொல்வார். அவர் தாமாகவே விலகிக்கொண்டார் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவோம். உண்மையில் அவரை விலக்கியது அந்த மூன்று விதிகள்.

இப்போது அதே குழுவின் விதிகளைச் சற்று மாற்றுவோம். கட்டாயத் தொகைக்குப் பதிலாக 5 வெள்ளி என்பதை ஒரு பங்காக வைத்து, மாதம் ஒன்று முதல் ஆறு பங்குவரை அவரவர் விருப்பம்போல் போடலாம் என்று முடிவு செய்யலாம். பங்கு முறை உலகின் பல நாடுகளில் சிற்றூர்ச் சேமிப்புக் குழுக்களில் பழகிப்போன ஒன்று. 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய சேமிப்புக் குழு முறையிலிருந்து அது வளர்ந்து பரவியது. அந்த அக்கா ஆண்டில் எட்டு மாதங்கள் நான்கு பங்கும், சிகிச்சை நடந்த இரண்டு மாதங்களில் மாதம் ஒரு பங்கும், ஒரு மாதம் ஒன்றும் போடாமலும், பிள்ளை பணம் அனுப்பிய ஒரு மாதம் ஆறு பங்கும் போட்டார் என்றால், மொத்தம் 40 பங்கு. ஆண்டு முடிவில் 200 வெள்ளி அவர் கையில். பழைய விதியில் இடையிலேயே பெயர் போயிருக்கும். புதிய விதியில் அவருக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பணம்தான் அவருக்கு வந்தது. மழைக்காலத்தில் வருமானம் குறையும் மற்ற பெண்களுக்கும் இதே விதி துணையாக இருக்கும்.

அடுத்து, வருகை விதி. ஆண்டின் 12 கூட்டங்களில் நான்கை அந்த அக்காவின் வீட்டு முன்தாழ்வாரத்திலேயே நடத்தலாம். நான்கு கூட்டங்களுக்கு அவர் காரில் வரட்டும். 64 வெள்ளி ஆகும், அதில் பாதியை உதவி நிதி ஏற்கலாம். 15 பேர் மாதம் 2 வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 360 வெள்ளி சேரும் நிதியில் 32 வெள்ளி பெரிய சுமையல்ல. மீதி நான்கு மாதங்களில், கூட்டத்துக்கு முந்தின நாள் இரண்டு உறுப்பினர்கள் அவர் வீட்டுக்குச் சென்று, அவர் கண்முன் எண்ணி, அவர் அட்டையில் பதிந்து, பணத்தை வாங்கிவரலாம். 192 வெள்ளியாக இருந்த அவருடைய செலவு 32 வெள்ளியாகிறது. இரண்டு பேர் போவதற்குக் காரணம் உண்டு: ஒருவர் மட்டும் போய்வந்தால், நாளை கணக்கில் ஒரு வெள்ளி குறைந்தாலும் சந்தேகம் அந்த ஒருவர்மீது விழும், உறவும் கெடும்.

எல்லா மாதமும் வீட்டுக்கே போய் வாங்கிவரலாமே, அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அதை நான் ஏற்கமாட்டேன். குழுவில் பணம் பாதிதான். எந்தத் தொழிற்சாலையில் வீட்டிலிருந்து செய்யும் வேலை தருகிறார்கள், சமூகநல இலாகாவின் எந்த உதவிக்கு இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறது, யார் தையல் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் கூட்டம் தொடங்குமுன் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் தெரியவருகிறது. தலைவி, பொருளாளர் தேர்வும் அங்கேதான் நடக்கிறது. பணம் மட்டும் வந்து ஆள் வராவிட்டால், அவர் உறுப்பினர் அல்ல, வாடிக்கையாளர்.

கூடும் இடம்

இடத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் படிக்கட்டைத்தான் சொல்வார்கள். படிக்கட்டும் தடைதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் தடை. தெரியாமல் நிற்கும் மூன்று தடைகள் அதைவிடக் கடினமானவை.

ஒன்று, கோயில் மண்டபத்தில் காலணியைக் கழற்ற வேண்டியிருப்பது. செயற்கைக்காலைப் பொருத்தும்போது, அதை அணிபவர் வழக்கமாகப் போடும் காலணியின் குதிகால் உயரத்துக்கு ஏற்றபடிதான் அதன் சாய்வை அமைக்கிறார்கள். காலணியைக் கழற்றியதும் குதிகால் தாழ்ந்து, உடல் பின்னோக்கி இழுக்கும், நடை தடுமாறும். பளிங்குத் தரையில் அது விழுவதற்கான வழி. கோயில் முறையை மாற்றச் சொல்வது தேவையில்லை; கூட்டத்தைத் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கோ பொதுமண்டபத்துக்கோ ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்கோ மாற்றினால் போதும்.

இரண்டு, பாயில் உட்காருவது. தரையில் உட்கார்ந்து எழ முடியாதவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால், அவர் எல்லாருக்கும் மேலே தனியாக, வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். பணமும் பேச்சும் கீழே நடக்கும். எல்லாருக்கும் நாற்காலி போட வேண்டும், அல்லது நடுவில் ஒரு மேசை வைத்துப் பணத்தை அதன்மேல் எண்ண வேண்டும்.

மூன்று, கழிப்பறை. இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே உள்ள இடத்தில் இரண்டு மணி நேரம் கூட்டம் என்றால், ஊன்றுகோல் பயன்படுத்தும் பெண் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வருவார்; நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அது கெடுதல். சில மாதங்களில் ஏதோ ஒரு காரணம் சொல்லி வருவதை நிறுத்திவிடுவார். ஒரு பெண் திடீரென வராமல் போனால், பணத்தட்டுப்பாடு என்று முடிவுகட்டுமுன் இதைத் தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும். கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடிப்பதும், உட்காரும் கழிப்பறை உள்ள வீட்டைத் தேர்ந்தெடுப்பதும் செலவில்லாத தீர்வுகள்.

பணத்தைத் தாமே அறிதல்

சேமிப்புக் குழுவின் உயிர், ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே சரிபார்ப்பதில் இருக்கிறது. பார்வை இழந்த பெண்ணிடம் “நாங்க சரியா எழுதிட்டோம் அக்கா, பயப்படாதீங்க” என்று சொல்வது அன்பாக இருக்கலாம். ஆனால் அது அவர் கணக்கை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது.

இங்கே நம் நாட்டின் பணநோட்டுகளே துணைசெய்கின்றன. 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டுகள் வழவழப்பான பிளாஸ்டிக்கால் ஆனவை. 10 வெள்ளியும் அதற்கு மேலும் தாள். 1 வெள்ளி நோட்டு 5 வெள்ளியைவிடத் தெளிவாகக் குட்டையானது. ஆகவே பங்கு 5 வெள்ளியாக இருந்தால், பார்வையில்லாத உறுப்பினர் தம் விரலாலேயே அடையாளம் கண்டு, எண்ணிக் கொடுக்க முடியும். 10 வெள்ளிக்கும் 20 வெள்ளிக்கும் நீள வேறுபாடு சிறிதுதான் என்பதால், பழகாதவருக்கு அங்கே தடுமாற்றம் வரும். 20 வெள்ளிக் கட்டாயத் தொகையைவிட 5 வெள்ளிப் பங்கு நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அட்டைக்கும் எளிய வழி இருக்கிறது. கெட்டியான அட்டை ஒன்றை எடுத்து, வலது மேல்மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டால், எது மேல் எது கீழ் என்று தொட்டே அறியலாம். மாதத்துக்கு ஒரு வரி. ஒரு பங்குக்கு ஒரு துளை. அலுவலகத்தில் தாளுக்குத் துளையிடும் சிறு கருவி போதும். நான்கு பங்கு போட்டால் நான்கு துளை; ஒன்றும் போடாத மாதத்தில் அந்த வரி வெறுமையாக இருக்கும். அவர் வீட்டில் உட்கார்ந்து தம் விரலால் ஆண்டுக் கணக்கையே கூட்டிவிடலாம். பிரெயில் கற்றுக்கொள்ளாமல், நடுவயதில் பார்வையை இழந்த பெண்களுக்கு இதுவே பொருந்தும். எழுதப்படிக்கத் தெரியாத முதிய உறுப்பினர்களுக்கும் இந்த அட்டை உதவும். ஆகவே எல்லாருக்கும் ஒரே அட்டையாக வைத்துவிடுவது சிறப்பு.

காது கேளாத பெண்களின் நிலை வேறு. அவர்களில் பள்ளி சென்ற பெரும்பாலோர் படித்தது மலாய் மொழியில் நடக்கும் சிறப்புப் பள்ளிகளில். அவர்கள் மலேசியச் சைகை மொழி அறிந்திருப்பார்கள், மலாய் வாசிப்பார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், வீட்டில் எல்லாரும் தமிழ் பேசினாலும். நாம் அழகான தமிழில் கூட்டக் குறிப்பு எழுதி அவர் கையில் கொடுத்து, எல்லாம் சொல்லிவிட்டோம் என்று நினைப்போம். அவருக்கு அதில் எண்களைத் தவிர ஒன்றும் விளங்கியிருக்காது. கூட்ட முடிவுகளை நாலு வரி எளிய மலாயில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதும், அன்றைய மொத்தத் தொகையை ஒரு வெள்ளைப் பலகையில் பெரிய எண்களில் எழுதிக் காட்டுவதும் அவருக்குக் கதவைத் திறக்கும். குழு வாட்ஸ்அப்பில் எல்லாரும் குரல்பதிவு அனுப்பும் பழக்கம் பார்வையில்லாதவருக்கு நல்லது, கேளாதவருக்குச் சுவர். முக்கியமான செய்தி குரலாகவும் எழுத்தாகவும் போக வேண்டும்.

கேளாத பெண்ணுக்காக அவருடைய பள்ளிவயது மகளை மொழிபெயர்க்க வைப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. சிறு செய்திகளுக்கு அது சரி. தாயின் கடன், தாயின் சேமிப்பு, தாய்க்கும் தந்தைக்கும் இடையிலான பணப் பேச்சு ஆகியவை அந்தக் குழந்தையின் வாய் வழியாகப் போகக் கூடாது.

பணம் யார் கையில்

எல்லாத் தடைகளிலும் பெரியது வீட்டுக்குள் இருக்கிறது. உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருகிறது. வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் அண்ணனிடமோ மகனிடமோ இருக்கின்றன. “காசு அவளுக்கு எதுக்கு, நாங்கதானே பாத்துக்கிறோம்” என்ற சொல்லில் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 5 வெள்ளிக்குக்கூட ஒருவரைக் கேட்டு நிற்க வேண்டிய பெண் குழுவில் எதைச் சேமிப்பார்? மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம் பணத்தைத் தாமே நிருவகிக்கும் உரிமை அவர்களுக்கும் சமமாக உண்டு என்று கூறுகிறது. கற்றலில் சிரமமுள்ள பெண்ணுக்கும், மனநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கும் இது பொருந்தும். முடிவெடுக்கத் துணை தேவைப்படலாம், முடிவையே பிறர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழு அந்தக் குடும்பத்தோடு சண்டைபோட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் தன் எல்லைக்குள் மூன்று காரியங்களை உறுதியாகச் செய்யலாம். சேமிப்பு அட்டை அந்தப் பெண்ணின் கையில்தான் இருக்கும். பணத்தை அவர் கையிலிருந்துதான் வாங்குவோம். ஆண்டு முடிவில் அவர் கையில்தான் கொடுப்போம். தம்பி வந்து “அக்கா பணத்தை எங்கிட்ட கொடுங்க” என்று கேட்டால், இது எல்லாருக்கும் பொதுவான விதி என்று சொல்ல முடிய வேண்டும். அதற்காகவே அதை அவருக்கென்று தனியாக எழுதாமல், முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் எழுதிவைக்க வேண்டும். சேமித்தால் சமூகநல உதவி நின்றுவிடும் என்ற அச்சமும் சில குடும்பங்களில் உண்டு. தலைவி அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று, அவர் பெறும் உதவியின் நிபந்தனையைக் கேட்டுவந்தால் அந்த அச்சம் தெளியும்.

தனிக்குழுவா, சேர்ந்த குழுவா

தமிழ்நாடு உள்ளிட்ட இந்திய மாநிலங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. அங்கே பொதுவாக ஒரு மகளிர் குழுவுக்கு 10 முதல் 20 பேர் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு 5 பேர் இருந்தாலே தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் ஏற்கிறது. அரசும் வங்கியும் குழுவுக்குப் பின்னால் நிற்கும் இடத்தில் இந்த முறைக்குப் பொருள் இருக்கிறது. நம் ஊர் போன்ற சிறிய இடத்தில், நான்கு தாமான்களிலும் இரண்டு தோட்டங்களிலும் சிதறியிருக்கும் ஐந்து பெண்களை ஒரே குழுவாக்கினால், ஐந்து பேரும் காரெடுத்து வர வேண்டும்; வீட்டுக்குப் போய்வரவும் ஆள் இருக்காது. ஆகவே அவரவர் தெருக் குழுவிலேயே அவரவர் இருப்பது இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரே விதிவிலக்கு, சைகை மொழி பேசும் பெண்கள். அவர்களுக்குத் தங்கள் மொழியில் தடையின்றிப் பேசும் குழு வேண்டுமென்றால், அதை அவர்களே முடிவுசெய்யட்டும்.

மாற்றம் உண்மையில் நடந்ததா என்று பார்ப்பது

விதியை மாற்றி ஆறு மாதம் கழித்து, கணக்குப் புத்தகத்தை எடுத்து மாற்றுத்திறனாளி உறுப்பினரின் பக்கத்தை மட்டும் படிக்க வேண்டும். ஆறு மாதமும் சரியாக ஒரே எண்ணிக்கையில் பங்கு விழுந்திருந்தால், தொகையை முடிவுசெய்வது அவரா, வீட்டில் வேறொருவரா என்று கேட்டறிவது நல்லது. தாமே சேமிப்பவரின் பக்கத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும். வருகைப் பதிவில் வீட்டுக்குப் போய் வாங்கிய மாதங்களே நிறைந்திருந்தால், கூட்டத்துக்கு அவரை அழைத்துவரும் வேலை தளர்ந்திருக்கிறது. கூட்டக் குறிப்பில் அவர் பெயரில் ஒரு கேள்வியோ ஒரு யோசனையோ ஒருமுறையும் பதிவாகவில்லை என்றால், அவர் உட்கார்ந்திருந்தார், கலந்துகொள்ளவில்லை. உதவி நிதியை அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லையா, கேட்டும் மறுக்கப்பட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பொறுப்புகள். பெட்டிக்கு மூன்று பூட்டுப் போட்டு, மூன்று சாவியையும் மூன்று வெவ்வேறு வீடுகளில் வைக்கும் வழக்கம் பல சேமிப்புக் குழுக்களில் உண்டு. மூவரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். அடுத்த ஆண்டுக்கான சாவிகளைப் பிரிக்கும்போது ஒன்றை அந்த அக்காவின் வீட்டில் வைக்கலாம். சாவி அங்கே இருந்தால், அவர் வரமுடியாத மாதத்தில் கூட்டமே அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில்தான் நடந்தாக வேண்டும்.